இருபதும் ஒரே அச்சில்

மதுரையில் கேமிங் சென்டர் தொடங்கிய நண்பர் ஒருவர் போன வருடம் பதறிப்போய் போன் செய்தார். “அண்ணே, ரெண்டு மெஷின்ல மட்டும் நெட் வரமாட்டேங்குது.” இருபது மெஷினும் ஒரே மாடல் மதர்போர்டு. ஒன்றில் விண்டோஸும் கேம்களும் ஏற்றி, அதன் பிரதியை மற்றவற்றில் அப்படியே பதித்திருந்தார். நேரில் போய்ப் பார்த்தேன். அந்த இரண்டு போர்டின் ஓரத்தில் மட்டும் REV: 1.1 என்று அச்சாகியிருந்தது, மற்றதில் 1.0. பெயர் ஒன்றுதான், உள்ளே நெட்வொர்க் சிப் வேறு. அதற்கான டிரைவர் அந்தப் பிரதியில் இல்லை.

டிரைவரைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆனால் பட்ஜெட் கடைக்கு ஒரே மாதிரி மெஷின் ஏன் வேண்டும் என்பது அங்கேதான் விளங்கும். வாராவாரம் கேம்களுக்கு அப்டேட் வரும். எல்லாம் ஒன்றாக இருந்தால் ஒரு மெஷினில் செய்து மற்றவற்றில் பதித்துவிடலாம். ஒரு பவர் சப்ளை போனால் ஸ்பேரை மாட்டி அரை மணியில் சீட்டைத் திறந்துவிடலாம். ஐந்து வகை மெஷின் இருந்தால் ஐந்து வகை ஸ்பேர் வாங்கிவைக்க வேண்டும்.

அதனால் முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, இரண்டு 8 ஜிபி ரேம். வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடுகிற கூட்டத்துக்கு இது போதும். ரேமை ஒரே 16 ஜிபியாக வாங்க வேண்டாம். இரண்டாகப் போட்டால் பிராசஸருக்கு இரண்டு வழியில் தகவல் வரும், ஆட்டம் சீராக ஓடும். ஒரு வாரம் விடாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதியை ஒரே பில்லில் எடுங்கள். டெலிவரி அன்றே பெட்டியைப் பிரித்து ரெவிஷன் எண்ணைப் பாருங்கள். பாதி இப்போது, பாதி தீபாவளிக்கு என்று வாங்கினால் அதே போர்டு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றனதான். ஆனால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். இல்லாவிட்டால் VAN9001 என்று திரையில் வந்து நிற்கும். புது மெஷினிலும் அது வந்தால் பயாஸில் அவை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கரன்டையும் கணக்குப் போடுங்கள். ஆடும்போது மானிட்டரோடு ஒரு சீட்டுக்குச் சுமார் 250 வாட். இருபதுக்கு 5 கிலோவாட், ஏசி தனி. கட்டடத்துக்கு எத்தனை கிலோவாட் அனுமதி இருக்கிறது என்று கேட்காமல் வாடகை அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

கையில் இருபது மெஷினுக்குத்தான் பணம் என்றால் பத்தொன்பது சீட்டோடு கடையைத் திறங்கள். இருபதாவது ஸ்பேராக இருக்கட்டும்.