முதலில் பாடம், பிறகு கணக்கு

புதிதாக ஓர் ஆப்பைத் திறந்ததும் மொபைல் நம்பர், ஓடிபி, பாஸ்வேர்ட், நோட்டிஃபிகேஷன் அனுமதி என்று வரிசையாகக் கேட்டால், அது எதற்குப் பயன்படும் என்று தெரிவதற்குள் பலர் மூடிவிடுவார்கள். மொழி கற்றுத்தரும் டியோலிங்கோவுக்கும் ஆரம்பத்தில் இதே தலைவலிதான். இறக்கிக்கொண்டவர்களில் நிறையப் பேர் கணக்கே தொடங்காமல் போய்விட்டார்கள்.

கணக்குத் தொடங்கும் திரையைச் சில படிகள் பின்னால் தள்ளிப் பார்த்தார்கள். வந்தவர் மொழியைத் தேர்ந்தெடுத்து நேராக முதல் பாடத்துக்குள் போகலாம். இந்த ஒரு மாற்றத்தில் தினசரி பயனாளர்கள் சுமார் 20 சதவீதம் கூடியதாக அந்நிறுவனமே தெரிவித்திருக்கிறது.

அடுத்த கேள்வி, கணக்கை எப்போது கேட்பது? பாடங்களுக்கு நடுவே, தட்டிக்கழிக்கக்கூடிய வேண்டுகோளாகக் கேட்டார்கள். அந்தத் திரையில் பெரிய சிவப்பு பட்டன் ஒன்று இருந்தது: "Discard my progress". கற்றதையெல்லாம் அழித்துவிடு என்று பொருள். மேலே போக அதைத்தான் அழுத்த வேண்டும். பயந்துபோன ஆட்கள் ஆப்பையே மூடியிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு "Later" என்று அடக்கமாக வைத்தார்கள். சில பாடங்கள் கழித்துத்தான் கட்டாயமாகக் கேட்டார்கள். ஏதோ கொஞ்சம் கற்றவருக்கு அதைச் சேமித்துவைக்க ஒரு காரணம் இருக்கிறதே!

இப்படிச் செய்ய, ஆப் முதலில் பெயரில்லாத தற்காலிகக் கணக்கு ஒன்றை உருவாக்கி, மதிப்பெண்களை அதில் எழுதிவைக்க வேண்டும். பிறகு மின்னஞ்சல் கொடுத்தால் அதே கணக்கோடு இணைக்க வேண்டும். அதற்குமுன் போன் தொலைந்தால் எல்லாம் போச்சு. வங்கி ஆப்புகளுக்கு இந்த வழி ஒத்துவராது. யார் என்று உறுதிசெய்யாமல் கணக்கு இருப்பைக் காட்ட முடியாது.

நோட்டிஃபிகேஷன் அனுமதியையும் இப்படித் தள்ளிவைப்பது நல்லது. ஐபோனில் ஒருமுறை மறுத்துவிட்டால் ஆப் அந்தக் கேள்வியை மறுபடி காட்ட முடியாது. பயனாளர் செட்டிங்ஸுக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும். முதல் பாடம் முடிந்து, 'நாளைக்கு நினைவூட்டவா?' என்று கேட்டால், எதற்கு அனுமதி தருகிறோம் என்றாவது புரியும்.

ஒரு நிமிடத்துக்குள் பயன் கிடைக்கிறதா என்று அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் சரியான பதிலைச் சொல்வதுதான் பயன் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு 40, 45, 50, 55 விநாடிகளும், நடுவில் தேநீர் குடிக்கப் போன ஒருவருக்கு 600 விநாடியும் ஆகிறது. சராசரி 158, நடு எண் 50. சராசரியை நம்பினால் நன்றாக ஓடும் ஆப்பைக் கெடுத்துவைப்போம். ஆனால் பாதியில் ஓடிப்போனவர்கள் இந்த இரண்டு கணக்கிலும் வரவே மாட்டார்கள். அதனால் நான் முதலில் பார்க்கும் எண் வேறு: திறந்த நூறு பேரில் எத்தனை பேர் 60 விநாடிக்குள் அந்த முதல் சரியான பதிலைத் தொட்டார்கள்?