குவர்னிக்காவை வரைந்தது யார்? – ஸ்பானியர்கள் அதைச் சொல்லும் விதம்

ஸ்பெயினின் வடக்கே குவர்னிக்கா என்று ஒரு சிற்றூர். 1937 ஏப்ரல் 26 அன்று அதன்மீது குண்டுகள் விழுந்தன. அந்தக் கொடுமையைப் பாரிஸில் இருந்த பிக்காசோ அதே ஆண்டில் பெரிய ஓவியமாகத் தீட்டினார். ஓவியத்துக்கும் ஊரின் பெயரே. ஸ்பானிய மொழியின் செயப்பாட்டு வினையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு நிகழ்ச்சிகளே போதும்.

ஊரைப் பற்றிய வாக்கியம் இது: ‘குவர்னிக்கா ஃபுவே பொம்பார்தெயாதா’ – குவர்னிக்கா குண்டுவீசித் தாக்கப்பட்டது. ஓவியத்தைப் பற்றியது: ‘எல் குவர்னிக்கா ஃபுவே பின்த்தாதோ போர் பிக்காசோ’ – குவர்னிக்கா பிக்காசோவால் வரையப்பட்டது. ‘ஃபுவே’ என்பது ‘இரு’ என்ற பொருளுடைய ‘செர்’ வினையின் இறந்தகால வடிவம். அதை அடுத்து வருவது முதன்மை வினையிலிருந்து பிறந்த பெயரடை. செய்தவரைச் சொல்ல விரும்பினால் ‘போர்’ சேர்ப்பார்கள். அமைப்பு இவ்வளவுதான்.

ஆனால் முதல் வாக்கியத்தில் பெயரடை ‘தா’ என்று முடிகிறது, இரண்டாவதில் ‘தோ’ என்று முடிகிறது. ஊர் பெண்பால், ஓவியம் ஆண்பால் என்பதே காரணம். பெயரடை எப்போதும் எழுவாயின் பாலையும் எண்ணையும் பின்பற்றும். சுவர்களுக்கு வண்ணம் அடித்திருந்தால் ‘லாஸ் பாரேதெஸ் ஃபுவேரோன் பின்த்தாதாஸ்’ என்று பெயரடையும் பெண்பால் பன்மைக்கு மாறும், வினையும் பன்மையாகும். ஸ்பானியம் கற்கிறவர்கள் எழுத்தில் முதலில் தவறுவது இங்கேதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘லா புவெர்த்தா ஃபுவே செர்ராதா’ என்றால் யாரோ கதவை மூடிய செயல். ‘லா புவெர்த்தா எஸ்தா செர்ராதா’ என்றால் கதவு இப்போது மூடியிருக்கும் நிலை. ‘செர்’ இருந்த இடத்தில் ‘எஸ்தார்’ வந்ததும் செயல் மறைந்து, அதன் விளைவு மட்டும் நிற்கிறது.

இப்படிச் சரியாக அமைக்கத் தெரிந்துகொண்ட பிறகும் மாட்ரிட் காப்பிக் கடையில் இந்த வாக்கியங்கள் அதிகம் காதில் விழாது. ‘ஃபுவே’ வகைச் செயப்பாட்டு வினை நாளிதழிலும் வரலாற்று நூலிலும் அரசு அறிக்கையிலும் வாழ்கிறது. பேச்சில் அது விறைப்பாக ஒலிக்கும். அங்கே வேறு வழிகள் இருக்கின்றன.

ஓவியம்தான் பேச்சின் பொருள் என்றால், அதை முன்னே வைத்துச் செய்வினையிலேயே முடித்துவிடுவார்கள்: ‘எல் குவர்னிக்கா லோ பின்த்தோ பிக்காசோ’. சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘குவர்னிக்கா, அதை வரைந்தார் பிக்காசோ’. நடுவில் வரும் ‘லோ’, முன்னே போன செயப்படுபொருளைத் திரும்பச் சுட்டுகிறது. அதை விட்டுவிட்டால் வாக்கியம் சரியாக அமையாது. தமிழில் வேற்றுமை உருபு இருப்பதால் ‘குவர்னிக்காவை பிக்காசோ வரைந்தார்’ என்று சொற்களை இடம் மாற்றினாலே போதும். செயப்பாட்டு வினை தேவைப்படுவதில்லை. ஸ்பானியத்தில் பொருளுக்கு அப்படி உருபு இல்லை, அந்த வேலையை ‘லோ’ செய்கிறது.

செய்தவர் யாரென்று தெரியாதபோது பன்மை வினை வருகிறது. பணப்பை பறிபோனவர் ‘மே ரொபாரோன் லா கார்த்தேரா’ என்பார். நாம் ‘பர்ஸைத் திருடிட்டாங்க’ என்கிறோமே, அதேபோலத்தான். திருடியது ஒரே ஆளாக இருந்தாலும் வினை பன்மையில்தான் இருக்கும். ‘அவர்கள்’ என்ற சொல்லைச் சேர்த்தால் மட்டும் பொருள் கெட்டுவிடும். அப்போது குறிப்பிட்ட சிலரைக் கைகாட்டுவதாகிவிடும்.

செய்தவர் முக்கியமே இல்லையென்றால் ‘சே’ வருகிறது. ஸ்பெயினின் தெருக்களில் வீட்டு முகப்பில் தொங்கும் ‘சே பெந்தே’ என்ற பலகைக்கு ‘விற்பனைக்கு’ என்று பொருள். பல வீடுகள் என்றால் ‘சே பெந்தென் பீசோஸ்’ என்று வினையும் பன்மையாகும். கடைகளில் ‘இங்கே ஸ்பானியம் பேசப்படும்’ என்பதை ‘சே ஆப்லா எஸ்பன்யோல்’ என்றே எழுதுவார்கள். இந்த ‘சே’ வாக்கியத்தில் ‘போர்’ சேர்த்துச் செய்தவரைச் சொல்வது பொதுவாக இயல்பாக இராது. ‘சே’ வந்ததே செய்தவரை ஒதுக்கத்தான். அவர் பெயர் தேவையென்றால் ‘லோ பின்த்தோ பிக்காசோ’ வகைக்கோ, எழுத்தில் ‘ஃபுவே’ வகைக்கோ போகவேண்டும்.

மனிதர்கள் செயப்படுபொருளாக வரும்போது ‘சே’ கொஞ்சம் தடுமாறுகிறது. திருடர்கள் கைதானதை ‘சே அர்ரெஸ்தாரோன் லோஸ் லத்ரோனெஸ்’ என்று பன்மையில் சொன்னால், திருடர்கள் ஒருவரையொருவர் கைது செய்துகொண்டார்கள் என்று பொருள்பட்டுவிடும். அதைத் தவிர்க்க ஆளுக்கு முன்னால் ‘ஆ’ சேர்த்து, வினையை ஒருமையிலேயே நிறுத்துகிறார்கள்: ‘சே அர்ரெஸ்தோ ஆ லோஸ் லத்ரோனெஸ்’.

எவ்வளவு முயன்றாலும் ‘ஃபுவே’ வகைக்குள் அடங்காத வாக்கியமும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் புத்தகம் பெற்றவரையே எழுவாயாக்கிச் செயப்பாட்டு வினையில் சொல்லலாம். அந்தப் பழக்கத்தில் ‘ஃபுய் தாதோ உன் லிப்ரோ’ என்று எழுதினால் ஸ்பானியரின் காதுக்கு அது ‘நான் கொடுக்கப்பட்டேன்’ என்றுதான் விழும். எழுவாயாக மாறக்கூடியது புத்தகம் மட்டுமே, பெறுகிறவர் மாறமுடியாது. அதனால் அவர்கள் சொல்வது ‘மே தியேரோன் உன் லிப்ரோ’ – ‘எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தாங்க’. ஆங்கிலத்தைத் தாண்டி நேராகத் தமிழிலிருந்து யோசிக்கிறவருக்கு இந்த வாக்கியம் தானாகவே வந்துவிடும்.