திங்கள்கிழமை கூட்டத்துக்கு ஒரே ஒரு பக்கம்

மூன்று கிளைகள் உள்ள ஒரு பலகாரக் கடையில் டேட்டா அனலிட்டிக்ஸ் பயிற்சியாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு எக்செல் கோப்பு. ஒவ்வொரு வரியும் ஒரு ஆர்டர். வாராந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு இதிலிருந்து டாஷ்போர்டு வேண்டும்.

முதல் வேலை, ஒவ்வொரு ஆர்டரும் எந்த வாரத்தைச் சேர்ந்தது என்று குறிப்பது. தேதி A பத்தியில் இருந்தால், அந்த வாரத்தின் திங்கள்கிழமையை இந்தச் சூத்திரம் தரும்:

```
=INT(A2)-WEEKDAY(A2,2)+1
```

தேதியோடு நேரமும் பதிவாகியிருந்தால் அதை INT நீக்கிவிடும். தேதி கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் கவனியுங்கள்: எக்செல் அதை எழுத்தாக எடுத்திருக்கக்கூடும். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து, SUMIFS கொண்டு வார விற்பனையைக் கூட்டலாம். போன வாரம் 4,20,000 ரூபாய். இந்த வாரம் 3,60,000. சரிவு சுமார் 14 சதவீதம். இதோடு நிறுத்தினால் "ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. ஆர்டர் எண்ணிக்கையையும் பக்கத்தில் வையுங்கள்: 1,400 இருந்தது 1,200 ஆகியிருக்கிறது. இரண்டு வாரமும் ஓர் ஆர்டரின் சராசரி 300 ரூபாய்தான். ஆக, வாங்குபவர்கள் செலவைக் குறைக்கவில்லை; ஆர்டர்தான் குறைந்திருக்கிறது. எந்தக் கிளையில் என்று பார்ப்பது அடுத்த படி.

முடியாத வாரத்தை முழு வாரத்தோடு ஒருபோதும் ஒப்பிடாதீர்கள். ஞாயிறு இரவு வரையிலான பதிவுகள் வந்துசேர்ந்த பிறகே பக்கத்தை அனுப்புங்கள்.