மறுநாள் மீன் குழம்பு

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது உண்மை. ஓர் இரவு ஊறினால் புளியும் உப்பும் துண்டுக்குள் நன்றாக இறங்கிவிடும். ஆனால், மிஞ்சிய குழம்பை ராத்திரி ஒரு கொதி, காலையில் ஒரு கொதி விட்டு மேடையிலேயே வைத்துக்கொள்வது நம் வீடுகளில் இன்னும் தொடர்கிறது. கொதி கிருமிகளைக் கொல்லும். அவை அதற்குள் கக்கிவைத்த நஞ்சு எல்லாவற்றையும் கொல்லாது. கைபட்ட, எச்சில் கரண்டி பட்ட குழம்பில் பெருகும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சு, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அப்படியே நிற்கும்.

அதனால் சூடுபண்ணும் வேலை முதல் நாளே தொடங்கிவிடுகிறது. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு இறக்கிய வஞ்சிரக் குழம்பு மூன்று மணிக்குள் ஃபிரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான் கெடு. மண்சட்டியோடு உள்ளே வைக்காதீர்கள். சட்டி சூட்டைப் பிடித்துவைப்பதால் நடுக்குழம்பு வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிக்கு வேண்டியது அதுதான். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் சற்று நேரம் நிறுத்தி, ஆவி அடங்கியதும் மூடி வையுங்கள்.

புளி கிருமிகளின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. ஃபிரிட்ஜில் வைத்த புளிக்குழம்பை இரண்டு நாள் வரை சாப்பிடலாம். தேங்காய்ப்பால் ஊற்றிய நண்டு, புளி சேராத இறால் தொக்கு ஆகியவற்றை மறுநாளே முடித்துவிடுவது என் வழக்கம்.

சாப்பிடப்போகும் அளவை மட்டும் எடுத்துச் சூடுபண்ணுங்கள். மொத்தத்தையும் சுடவைத்து மறுபடி ஆறவைத்தால், ஒவ்வொரு முறையும் கிருமிக்கு ஒரு வாய்ப்பு. மீனுக்குக் கால் டம்ளர் தண்ணீர் விட்டு, கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றி, தளதளவென்று கொதிக்க விடலாம். துண்டின் நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 74 டிகிரி. இறால் ரப்பராகாமல் இருக்க, தொக்கை முதலில் கொதிக்கவிட்டு இறாலைக் கடைசியில் சேருங்கள். ஓரிரு நிமிடத்தில் உள்வரை சூடேறிவிடும். நண்டுக்கு அவசரம் ஆகாது. ஓட்டுக்குள் சூடு மெதுவாகத்தான் போகும். கொடுக்கைத் தட்டி உடைத்து, மூடிபோட்டுக் கொதிக்கவிட வேண்டும். மைக்ரோவேவ் என்றால் நடுவில் ஒருமுறை நிறுத்திக் கிளறுங்கள், ஓரம் கொதிக்கும்போது நடு சில்லென்றிருக்கும்.

சூரை, அயிலை, மத்தி வாங்கும்போது இன்னொரு கவனமும் வேண்டும். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். பொரித்தாலும் கொதிக்கவைத்தாலும் அது போகாது; பல சமயம் வாசனையிலும் தெரியாது. நாக்கில் மிளகுபோல் சுருக்கென்றால் துப்பிவிடுங்கள். சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலித்தால் ஹிஸ்டமினாக இருக்கலாம். மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மீன், எப்போது சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.