அக்கரைத் துறைக்கு நேராகப் போய்ச் சேர

காவிரியில் இரண்டு துறைகள் எதிரெதிரே இருக்கின்றன. ஆற்றின் அகலம் 180 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துடுப்பு போடுபவர் அசையாத நீரில் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் படகைச் செலுத்துவார். ஆற்றின் ஓட்டம் நொடிக்கு 0.9 மீட்டர்.

அவர் படகின் முனையை அக்கரைத் துறையை நோக்கியே வைத்து வலித்தால் என்ன ஆகும்? 180 மீட்டரைக் கடக்க 120 நொடி ஆகும். அந்த 120 நொடியும் ஆறு தன் மேல் மிதக்கும் படகையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகிறது. படகு துறைக்குக் கீழே 108 மீட்டர் தள்ளி ஒதுங்கும். துடுப்பு படகைத் தள்ளுவது நீரைப் பொறுத்துத்தான். கரையில் நிற்பவர் காண்பதோ அந்த வேகமும் நீரின் வேகமும் சேர்ந்த ஒன்றை. சார்புத் திசைவேகம் என்று பள்ளியில் படித்தது இதைத்தான்.

நேர் எதிரே சேர, படகின் வேகத்தில் ஒரு பங்கை ஆற்றை எதிர்க்கவே செலவிட வேண்டும். 1.5-இல் 0.9 என்பது 0.6 பங்கு. சைன் மதிப்பு 0.6 ஆக இருக்கும் கோணம் ஏறத்தாழ 37 டிகிரி. எனவே முனையை நேர்க்கோட்டிலிருந்து மேல்நீர்ப் பக்கம் 37 டிகிரி திருப்ப வேண்டும். இப்போது ஆற்றின் இழுப்பு முழுவதும் ஈடாகிவிடுகிறது. குறுக்கே போக மிஞ்சுவது நொடிக்கு 1.2 மீட்டர்தான், கடக்க 150 நொடி ஆகும். கூடுதலான 30 நொடிதான் நேராகச் சேர்வதற்கான விலை.

பாடப்புத்தகக் கணக்கு இந்த 37 டிகிரியோடு நின்றுவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. உண்மையான ஆறு கரையோரம் மெல்லவும் நடுவில் வேகமாகவும் ஓடும். ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு நேர்க்கோட்டில் போக முடியாது. அதற்கு அக்கரையில் ஒரே நேர்க்கோட்டில் அமைந்த இரண்டு பொருள்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: துறையில் ஒரு பனைமரம், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு கோபுரம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்வரை படகு சரியான கோட்டில் போகிறது. பனை கோபுரத்தை விட்டு மேல்நீர்ப் பக்கம் விலகினால், படகு கீழே இழுபடுகிறது. முனையை இன்னும் திருப்ப வேண்டும். மறுபக்கம் விலகினால் திருப்பியது அதிகம்.

ஓட்டம் நொடிக்கு 2.5 மீட்டரானால் எந்தக் கோணத்திலும் நேர் எதிரே சேர முடியாது. படகின் மொத்த வேகமே அதைவிடக் குறைவு. அப்போது நேராக வலித்தால் 300 மீட்டர் கீழே போய்விடும். 37 டிகிரி திருப்பினால் அது 240 மீட்டராகக் குறையும். இதைவிடக் குறைக்க வழியில்லை. பயந்துபோய் 53 டிகிரி திருப்பினாலோ, ஆற்றில் இருக்கும் நேரம் நீண்டு, 260 மீட்டர் கீழே இழுபடும். அத்தனை வேகமான நீரில் இறங்காமல் இருப்பதே நல்லது. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஓட்டம் குறைந்த கரையோரமாகப் படகை 240 மீட்டருக்கும் சற்று அதிகமாக மேலே இழுத்துச் சென்று, அங்கிருந்து கிளம்ப வேண்டும்.