சுமையை வெளியே அனுப்பிய சுவர்கள்

1194-இல் பிரான்சின் ஷார்த்ர் நகரப் பேராலயத்தின் பெரும்பகுதி தீக்கிரையானது. அங்கே மீண்டும் எழுந்த கட்டடத்தின் உட்கூரை சுமார் 37 மீட்டர் உயரம். அது முழுக்கக் கல்லாலான கவிகைக் கூரை. அவ்வளவு கல் மேலே இருந்தும், அதைத் தாங்குகிற பக்கங்களில் பெரும்பகுதி வண்ணக் கண்ணாடிதான்.

கல் வளைவு பாரத்தைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். அரைவட்ட வளைவுகளைக் கொண்ட பழைய தேவாலயங்கள் இந்தத் தள்ளலைத் தடுக்கச் சுவரைத் தடிமனாக்கின. அதில் பெரிய சன்னல் திறந்தால் கட்டடமே பலவீனப்படும் என்பதால் உள்ளே இருட்டுதான்.

சுவரில் சாய்த்த ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். படுக்கையாகச் சாய்த்தால் அதன் கால் எளிதில் வழுக்கும். செங்குத்தாக நிறுத்தினால் அவ்வளவு வழுக்காது. உச்சி கூர்ந்த வளைவும் அப்படித்தான். அதே அகலத்துக்கு அது உயரமாக எழுவதால் பக்கவாட்டுத் தள்ளல் குறைகிறது. அகலமும் உயரமும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தாது என்பதும் இதன் பெரிய வசதி. அரைவட்டத்தின் உயரம் எப்போதும் அகலத்தில் பாதிதான். கூர்வளைவிலோ, அகலமான இடத்துக்கும் குறுகிய இடத்துக்கும் உச்சியை ஒரே மட்டத்தில் கொண்டுவரலாம். எனவே செவ்வகக் கட்டங்களின் மேலும் குறுக்கு வளைவுகளால் கவிகை அமைக்க முடிந்தது. அந்தக் கவிகையின் பாரம் சுவர் நெடுகப் பரவாமல் நான்கு மூலைகளில் வந்து சேரும்.

ஆனால் குறைந்தாலும் தள்ளல் தள்ளல்தான். அதை வெளியே வாங்கிக்கொள்வது பறக்கும் உதைகால். பக்கக் கூடத்தின் கூரைக்கு மேலே, கவிகை தள்ளுகிற அந்த மூலைக்கு நேராக, ஒரு சாய்ந்த அரை வளைவு வெளியே பாய்ந்து கனத்த கல்தூணில் முட்டும். தூண் கவிழாதிருக்க அதன் எடையே துணை. கோத்திக் ஆலயங்கள் பலவற்றில் தூணின் தலையில் ஏற்றியிருக்கும் கல் கோபுரக்குமிழ்கள் அலங்காரத்துக்கு மட்டும் வைத்தவை அல்ல. அவற்றின் எடை, சாய்ந்து வரும் விசையைக் கீழ்நோக்கித் திருப்பவும் உதவுகிறது.

இதற்குப் பிறகு இரண்டு மூலைகளுக்கு நடுவிலுள்ள சுவருக்குப் பெரிய வேலையில்லை. ஷார்த்ரின் சிற்பிகள் அந்த இடத்தில் இரண்டு நெடிய சன்னல்களையும் அவற்றின் மேல் ஒரு வட்டச் சன்னலையும் வைத்தார்கள். பக்கக் கூடத்துக்கு மேல் வழக்கமாக வரும் மாடத்தையும் விட்டுவிட்டதால் மேல்சன்னல்கள் இன்னும் நீண்டு இறங்கின. என் பார்வையில் அவர்களின் துணிச்சல் தெரிவது கூரையின் உயரத்தைவிட இந்த முடிவில்தான்.

இதற்கும் எல்லை உண்டு என்பதை போவே பேராலயம் காட்டியது. அங்கே கவிகையை சுமார் 48 மீட்டருக்கு உயர்த்தி, தூண்களையும் அகல இடைவெளியில் நிறுத்தினார்கள். பலிபீடப் பகுதியை முடித்து சுமார் 12 ஆண்டுகளில், 1284-இல், கவிகையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஏன் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பழுதுபார்த்தவர்கள் செய்தது தெளிவானது: பழைய தூண்களுக்கு நடுவே புதிய தூண்களை நிறுத்தினார்கள். அகன்ற சன்னல்கள் ஒவ்வொன்றும் அதனால் இரண்டாகப் பிரிந்தன.