நூறு பங்கில் எண்பதுக்கு அடக்க விலை பூஜ்யம்

2025 ஜூன் 16 அன்று காலை பஜாஜ் ஃபைனான்ஸ் பங்கின் விலையைப் பார்த்தவர்களில் சிலருக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டிருக்கும். முந்தைய வர்த்தக நாளில் ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் இருந்த பங்கு, அன்று தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. நிறுவனத்துக்கு எந்த இடியும் விழுந்துவிடவில்லை. பங்குப் பிரிப்பு, போனஸ் இரண்டுக்கும் அன்றுதான் பதிவுத் தேதி. 2 ரூபாய் முக மதிப்புள்ள ஒரு பங்கு, 1 ரூபாய் முக மதிப்புள்ள இரண்டு பங்குகளானது. அந்த இரண்டில் ஒவ்வொன்றுக்கும் நான்கு போனஸ் பங்குகள். ஆக, ஒன்று பத்தாகப் பெருகியது. விலை பத்தில் ஒன்றாக இறங்கியது.

முதலீட்டின் மதிப்பு மாறவில்லை என்பதால், வரிக் கணக்கும் எளிதாகவே இருக்கும் என்று தோன்றும். போட்ட பணத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு பங்கின் அடக்க விலை வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல செயலிகளின் திரையிலும் அந்தச் சராசரியே தெரிகிறது. வருமான வரிச் சட்டமோ பிரிப்பை ஒரு விதமாகவும் போனஸை வேறு விதமாகவும் பார்க்கிறது.

பிரிப்பு என்பது ஐந்நூறு ரூபாய்த் தாளைச் சில்லறையாக மாற்றுவதைப் போன்றது. பழைய பங்குதான் இரண்டாகியிருக்கிறது; எனவே அதன் விலையும் இரண்டாகப் பங்கிடப்படும். வாங்கிய தேதியும் பழைய தேதியே. போனஸ் பங்கு அப்படியல்ல. சட்டத்தின் கண்ணில் அது புதிதாகக் கைக்கு வந்த, காசு கொடுக்காமல் பெற்ற சொத்து. அதன் அடக்க விலை பூஜ்யம். அதை வைத்திருந்த காலமும் அது ஒதுக்கப்பட்ட நாளிலிருந்துதான் தொடங்கும்.

ஒரு காலத்தில் சராசரி முறையே செல்லுபடியானது. டால்மியா இன்வெஸ்ட்மென்ட் வழக்கில் 1964-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பழைய பங்குகளின் விலையைப் பழையதும் போனஸும் சேர்ந்த மொத்த எண்ணிக்கைக்கும் பரப்பிக் கணக்கிடலாம் என்றது. மூலதன ஆதாயத்தைப் பொறுத்தவரை 1995-ல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம்தான் போனஸ் பங்கின் விலையைப் பூஜ்யமாக்கியது.

இதன் விளைவு என்ன? ஒருவர் 2024 மே மாதத்தில் பஜாஜ் ஃபைனான்ஸ் பங்கு பத்தை, ஒவ்வொன்றும் 7,000 ரூபாய்க்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். முதலீடு 70,000 ரூபாய். பிரிப்புக்குப் பின் அவை 20 பங்குகள். ஒவ்வொன்றின் அடக்க விலை 3,500. அவற்றின் மேல் வந்த போனஸ் 80 பங்குகள். அடக்க விலை ஒன்றுமில்லை. டீமேட் கணக்கில் 100 பங்குகள் ஒரே வரிசையில் நின்றாலும், 70,000 ரூபாயின் முழுப் பாரமும் அந்த 20 பங்குகளின் மேல்தான் இருக்கிறது.

அவர் 2025 அக்டோபரில் 20 பங்குகளை 1,000 ரூபாய் வீதம் விற்கிறார். டீமேட் கணக்கில் முதலில் வந்த பங்கே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும் என்பது விதி. எனவே வெளியே போனவை பழைய 20 பங்குகள். கிடைத்தது 20,000, அடக்கம் 70,000. ஆக 50,000 ரூபாய் நஷ்டம். வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் இது நீண்ட கால மூலதன நஷ்டம். ஒரு பங்குக்கு 700 ரூபாய் என்று சராசரி காட்டும் செயலியோ இதே விற்பனையில் 6,000 ரூபாய் லாபம் என்று சொல்லும்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. மறு மாதமே மீதி 80 பங்குகளையும் அதே 1,000 ரூபாய்க்கு அவர் விற்றுவிட்டால், அடக்கம் பூஜ்யம் என்பதால் 80,000 ரூபாயும் ஆதாயம். போனஸ் ஒதுக்கி ஓராண்டு ஆகாததால் அது குறுகிய கால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 20 சதவீதம். அந்த 50,000 நஷ்டத்தை இதில் கழிக்கலாமே என்றால், முடியாது. நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால ஆதாயத்தில்தான் கழிக்க முடியும். 70,000 போட்டு ஒரு லட்சம் எடுத்தவருக்குக் கையில் நின்ற லாபம் 30,000. வரி விதிக்கப்படுவதோ 80,000-க்கு: செஸ் நீங்கலாக 16,000 ரூபாய்.

போனஸ் பங்குகளை ஒதுக்கீட்டுத் தேதியிலிருந்து ஓராண்டு தாண்டும் வரை வைத்திருந்து விற்றால் கணக்கு மாறிவிடும். அப்போது ஆதாயமும் நீண்ட காலம். நஷ்டமும் நீண்ட காலம். வருமான வரிப் படிவத்தை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால், அந்த நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று கழித்துக்கொள்ளலாம். நீண்ட கால ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம்தான்; அதிலும் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரியில்லை.

நஷ்டத்தைக் காட்டுவதற்காகவே போனஸுக்குச் சற்று முன் பங்கு வாங்குவோருக்கும் சட்டம் அணை போட்டிருக்கிறது. பதிவுத் தேதிக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் வாங்கி, போனஸ் பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, பழையதை மட்டும் பதிவுத் தேதிக்குப் பிந்தைய ஒன்பது மாதங்களுக்குள் விற்றால் அந்த நஷ்டம் கணக்கில் சேராது. அது கையிலுள்ள போனஸ் பங்குகளின் அடக்க விலையாகிவிடும். பூஜ்யம் என்ற விதிக்கு இது ஒரு விலக்கு.

இன்னொரு விலக்கு, நெடுங்காலமாக வைத்திருப்பவர்களுக்கு. 2018 ஜனவரி 31 அன்றோ அதற்கு முன்போ வாங்கிய பட்டியலிட்ட பங்குகளுக்கு, அன்றைய அதிகபட்ச விலையை அடக்கமாகக் கொள்ளும் சலுகை உண்டு. விற்ற விலை அதைவிடக் குறைவென்றால் விற்ற விலை, உண்மையில் வாங்கிய விலை இவற்றில் எது அதிகமோ அது. பஜாஜ் ஃபைனான்ஸ் 2016 செப்டம்பரிலும் பிரிப்பும் ஒன்றுக்கு ஒன்று போனஸும் கொடுத்தது. அந்தப் போனஸ் 2018-க்கு முந்தையது என்பதால் அதற்கும் இந்தச் சலுகை உண்டு. 2025-ல் வந்த போனஸுக்குக் கிடையாது. 2018-ன் விலையை இன்றைய பங்குக்குப் பொருத்தும்போது பத்தால் வகுக்கக் கூடாது. பிரிப்புக்காக இரண்டால் மட்டுமே வகுக்க வேண்டும்.

தவறு எங்கே நுழைகிறது என்பதை டீமேட் கணக்கு அறிக்கையிலேயே பார்க்கலாம். பிரிப்பின்போது பங்கின் அடையாளமான ஐஎஸ்ஐஎன் எண் மாறும். பழைய எண்ணில் 10 பங்குகள் கழிக்கப்பட்டு, புதிய எண்ணில் 20 வரவு வைக்கப்படும். இதைப் புரிந்துகொள்ளாத மென்பொருள், 20 பங்குகளும் 2025 ஜூனில்தான் வாங்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு, நீண்ட காலத்தைக் குறுகிய காலமாக மாற்றிவிடும். சில சமயம் அடக்க விலையையும் பூஜ்யமாக்கிவிடும். வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வரும் அடக்க விலையும் எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வாங்கியபோது வந்த ஒப்பந்தக் குறிப்பு, பிரிப்பும் போனஸும் தனித்தனி வரியாக இருக்கும் டீமேட் அறிக்கை ஆகிய இரண்டையும் பக்கத்தில் வைத்து அதைச் சரிபார்க்க வேண்டும். மாறுபாடு இருந்தால் அந்த அறிக்கையிலேயே கருத்துப் பதிவு செய்து திருத்தம் கேட்கலாம்.